கடை மூடும் நேரத்தில் ஆப் வரவையும் கல்லாவையும் ஒத்துப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

இரவுக் கணக்கில் பெரும்பாலான கடைகள் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்கின்றன. ஆப்பில் அன்றைய மொத்தம் எவ்வளவு என்று ஒருவர் பார்க்கிறார். கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொருவர் எண்ணுகிறார். ஆப்பில் கூடுதலாக வந்திருந்தால் மகிழ்ச்சி, கல்லாவில் குறைந்தால் சந்தேகம். பல நாட்களில் அந்தக் கூடுதலும் இந்தக் குறைவும் ஒரே பணம்தான் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரே கல்லா, ஒரே கியூஆர் அட்டை, பில் மிஷின் அல்லது பில் புத்தகம் உள்ள சிறிய கடைக்கான முறை இது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## 1. பகலிலேயே செய்து வைக்க வேண்டியவை

இரவில் கணக்கு இடிப்பதற்கான காரணம் பகலில்தான் உண்டாகிறது. அதனால் நான்கு பழக்கங்கள் முன்கூட்டியே வேண்டும்.

காலையில் கல்லாவில் சில்லறைக்காக வைக்கும் தொகை தினமும் ஒன்றாகவே இருக்கட்டும். நேற்று மிஞ்சியதை அப்படியே விட்டுத் தொடங்கினால், நேற்றைய பிழை இன்றைய கணக்கில் ஏறிக்கொள்ளும். எந்த நாளின் பிழை என்று பிறகு பிரிக்கவே முடியாது.

பணம் கையால் வந்ததா, ஆப்பில் வந்ததா என்பதைப் பணம் வந்து சேர்ந்த பிறகு பில்லில் குறியுங்கள். பில் போடத் தொடங்கும்போதே குறிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. வாடிக்கையாளர் பர்ஸைத் திறப்பார், சில்லறை இல்லை என்று போனை எடுப்பார். பில் மட்டும் 'ரொக்கம்' என்றே நிற்கும். பல பில் மென்பொருள்களில் ரொக்கம்தான் தானாகவே தேர்வாகியிருக்கும் என்பதால் இது இன்னும் எளிதாக நடக்கிறது.

மீதிச் சில்லறை தவிர வேறு எதற்காகக் கல்லாவிலிருந்து பணம் எடுத்தாலும், எடுத்த இடத்தில் ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள். வண்டிக் கூலி, சரக்குக்காரருக்குக் கொடுத்தது, முதலாளி மதியம் வீட்டுக்கு எடுத்துப் போனது எல்லாமே இதில் சேரும். பழைய பாக்கி ரொக்கமாக உள்ளே வந்தாலும் அதற்கும் ஒரு சீட்டு வையுங்கள். நோட்டில் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பது நடக்காத வேலை. சீட்டு கல்லாவுக்குள்ளேயே கிடந்தால், எண்ணும்போது தானாகக் கையில் வரும்.

நான்காவது, கடை வரவுக்கென்று தனிக் கணக்கு. முதலாளியின் சொந்த எண்ணுக்கான கியூஆரையே கடையிலும் ஒட்டியிருந்தால், மச்சான் திருப்பித் தந்த கைமாற்றும் கடை வியாபாரமும் ஒரே பட்டியலில் வரும். பழைய அட்டை எங்காவது ஓரத்தில் ஒட்டியிருந்தால் அதையும் கிழித்துவிடுங்கள். பணம் வந்திருக்கும், ஆனால் நீங்கள் பார்க்கும் ஸ்டேட்மென்ட்டில் வராது.

## 2. ஒரு நேரத்தில் கோடு போடுங்கள்

கடையின் நாளும் ஆப்பின் நாளும் ஒன்றல்ல. ஆப்பில் 'இன்று' என்பது பொதுவாக நள்ளிரவு 12 முதல் மறு நள்ளிரவு வரை. கடையின் இன்று என்பது நேற்று மூடியதிலிருந்து இன்று மூடும் வரை. கடை மூடிய பிறகு வீட்டிலிருந்தபடி பழைய பாக்கியை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணம் ஆப்பில் இன்றைய தேதியில் விழும், கடையில் நாளைய கணக்கில் வர வேண்டும்.

மணியை நினைவில் வைப்பதைவிட எளிய வழி உண்டு. கடைசி பில் முடிந்ததும் ஆப்பைத் திறந்து, கடைசியாக வந்த வரவின் நேரத்தையும் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் நோட்டில் எழுதிக் கோடு போடுங்கள். நாளைய கணக்கு அதற்கு அடுத்த வரியில் தொடங்கும். எந்த வரியும் விட்டுப்போகாது, இரண்டு நாளில் எண்ணப்படவும் செய்யாது.

கோடு போட்ட பிறகு யாராவது வந்து பொருள் கேட்டால் கொடுங்கள், பில்லை மட்டும் நாளைய தேதியில் போடுங்கள். அவர் தரும் ரொக்கத்தைக் கல்லாவில் கலக்காமல் தனியாக வையுங்கள்.

## 3. கணக்கைப் பார்க்கும் முன் கல்லாவை எண்ணுங்கள்

வரிசையில் இதுதான் அதிகம் தவறுகிற இடம். முதலில் பில் மொத்தத்தைப் பார்த்து, கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு எண்ணினால், கை அந்தத் தொகையை நோக்கியே எண்ணும். கூடினால் மறுபடி எண்ணுவோம், சரியாக வந்தால் நிறுத்திவிடுவோம். அந்தச் 'சரி' தற்செயலாகவும் வந்திருக்கலாம்.

அதனால் எதையும் பார்க்காமல், நோட்டு வகைவாரியாக எத்தனை என்று எழுதி, பெருக்கி, கூட்டுங்கள். நாணயம் தனி வரி. மொத்தத்தை மட்டும் எழுதினால், பின்னால் சந்தேகம் வரும்போது மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். வகைவாரியாக எழுதியிருந்தால், பெருக்கலில் பிழையா எண்ணியதில் பிழையா என்று தாளிலேயே பார்த்துவிடலாம்.

துண்டுச்சீட்டுகளை இப்போதே வெளியே எடுத்து, 'பணம் வெளியே போனது', 'பழைய பாக்கி உள்ளே வந்தது' என இரண்டு அடுக்காகப் பிரியுங்கள்.

## 4. ஆப்பில் சரியான பட்டியலை எடுங்கள்

வணிகருக்கான ஆப்களில் பொதுவாக இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று பரிவர்த்தனைப் பட்டியல்: யார் எப்போது எவ்வளவு அனுப்பினார் என்பது. மற்றொன்று செட்டில்மென்ட் பட்டியல்: ஆப் நிறுவனம் உங்கள் வங்கிக் கணக்குக்கு எவ்வளவு அனுப்பியது என்பது. இரவுக் கணக்குக்கு முதலாவதுதான் வேண்டும். இரண்டாவதில் கட்டணம் கழிந்திருக்கலாம், ரீஃபண்ட் கழிந்திருக்கலாம், நேற்றைய பாதியும் இன்றைய பாதியும் ஒன்றாக இருக்கலாம். அதை பில்லோடு ஒப்பிட்டால் ஒருநாளும் ஒத்துவராது.

பட்டியலில் நிலையைப் பாருங்கள். வெற்றி, பெண்டிங், தோல்வி மூன்றும் கலந்தே வரும். வெற்றியானவற்றை மட்டும் கூட்டுங்கள். பெண்டிங்கை தனித் தாளில் எழுதுங்கள், மறந்துவிடாதீர்கள். ரீஃபண்ட் செய்ததை சில ஆப்கள் தனி வரியாகக் காட்டும். சிலவற்றில் பழைய வரியின் நிலையே மாறி, வெற்றிப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். உங்கள் ஆப் எந்த வகை என்று ஒரு சிறு தொகையை அனுப்பி, திருப்பிக் கொடுத்துப் பார்த்துவிட்டால் நிரந்தரமாகத் தெரிந்துவிடும்.

பட்டியலை எக்செல்லில் திறப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். தொகை சில நேரம் எழுத்தாகப் பதிவாகியிருக்கும். கூட்டல் சூத்திரம் அதை எண்ணாகக் கருதாமல் சத்தமில்லாமல் விட்டுவிடும், மொத்தம் குறைவாக வரும். செல்லில் தொகை இடப்பக்கம் ஒட்டி நின்றால் அதுதான் அறிகுறி. அடுத்து, எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் காக்காது. நீண்ட பரிவர்த்தனை எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியாகிவிடும். அந்தப் பத்தியை எழுத்து வடிவாக இறக்கிக்கொள்ளுங்கள்.

தொகை D பத்தியிலும் நிலை E பத்தியிலும் இருந்தால் மொத்தம் எடுக்க இது போதும்:

```
=SUMIFS(D:D,E:E,"SUCCESS")
```

நிலைக்கு உங்கள் ஆப் வேறு சொல் போட்டிருந்தால், மேற்கோள் குறிகளுக்குள் அதை அப்படியே எழுதுங்கள்.

கடையில் ஒலிக்கும் ஸ்பீக்கரையும் வாடிக்கையாளர் காட்டும் திரையையும் கணக்குக்கு ஆதாரமாக எடுக்க வேண்டாம். நெட்வொர்க் போனால் ஸ்பீக்கர் பேசாது, பணம் வந்திருக்கும். திரைப் படம் பழையதாகவோ போலியாகவோ இருக்கலாம், பணம் வந்திருக்காது.

## 5. எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள்

இப்போதுதான் பில் பக்கம் வருகிறோம். அன்றைய பில்களை ரொக்கம், ஆப், கடன் என்று மூன்றாகக் கூட்டுங்கள். ஒரு கடையின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்.

ரொக்க பில்கள் 14,260. ஆப் பில்கள் 18,735. கடன் பில்கள் 1,150. காலைச் சில்லறை 2,000. பழைய பாக்கி ரொக்கமாக வந்தது 600. சீட்டு எழுதி வெளியே போனது 1,950. முதலாளி மதியம் எடுத்துப் போனது 5,000.

கல்லாவில் இருக்க வேண்டியது:

```
2,000 + 14,260 + 600 - 1,950 - 5,000 = 9,910
```

ஆப்பில் இருக்க வேண்டியது 18,735. அன்று பழைய பாக்கி எதுவும் ஆப்பில் வரவில்லை, ரீஃபண்டும் இல்லை. இருந்திருந்தால் பாக்கியைக் கூட்டி, ரீஃபண்டைக் கழித்திருக்க வேண்டும். கடன் பில்கள் 1,150 இரண்டு பக்கத்திலும் வராது. அதை ரொக்கத்தோடு சேர்த்துவிட்டுக் கல்லா குறைகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## 6. இரண்டு வித்தியாசங்களையும் அருகருகே எழுதுங்கள்

அந்த நாளில் கல்லாவை எண்ணியபோது இருந்தது 9,380. ஆப் பட்டியலின் வெற்றி மொத்தம் 19,165.

```
ஆப்:    19,165 - 18,735 = +430
கல்லா:   9,380 -  9,910 = -530
கூட்டு:                    -100
```

மூன்றாவது வரிதான் இந்த முறையின் உயிர். கல்லாவை மட்டும் பார்த்தால் 530 காணோம், கல்லாவில் உட்கார்ந்தவர் மேல் கண் போகும். இரண்டையும் கூட்டினால் கடைக்கு வர வேண்டியதில் வராதது 100 மட்டுமே என்று தெரிகிறது. மிச்சம் 430 ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

குறிகளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஆப்பில் கூடுதல், கல்லாவில் அதே அளவு குறைவு என்றால், ஆப்பில் வாங்கியதை ரொக்கம் என்று பில் போட்டிருப்பார்கள், அல்லது ஒருவர் ஆப்பில் கூடுதலாக அனுப்பி ரொக்கம் வாங்கிப் போயிருப்பார். இதற்கு நேர்மாறாக இருந்தால், ஆப் என்று போட்ட பில்லுக்கு ரொக்கம் வந்திருக்கும்.

ஆப்பில் மட்டும் குறைந்து கல்லா சரியாக இருந்தால் பணம் வரவே இல்லை: தோல்வியடைந்தது, பெண்டிங்கில் நிற்கிறது, வேறு கியூஆருக்குப் போனது. ஆப்பில் மட்டும் கூடினால், பில் போடாத விற்பனை, குறிக்காமல் விட்ட பழைய பாக்கி, அல்லது முதல் தடவை போகவில்லை என்று நினைத்து ஒருவர் இருமுறை அனுப்பியது. கல்லாவில் மட்டும் குறைந்தால் மீதியைக் கூடுதலாகக் கொடுத்தது அல்லது சீட்டு எழுதாத செலவு.

ஒரு எச்சரிக்கை: இரண்டு வித்தியாசமும் சுழியாக இருந்தாலும் பிழையே இல்லை என்று அர்த்தமல்ல. காலையில் 150 இந்தப் பக்கமும் மாலையில் 150 அந்தப் பக்கமும் தவறியிருக்கலாம். அதனால் அடுத்த படியை வித்தியாசம் இல்லாத நாளிலும் அவ்வப்போது செய்து பாருங்கள்.

## 7. வரி வரியாக டிக் போடுங்கள்

ஆப் பட்டியலை நேர வரிசையில் வைத்து, ஆப் பில்களையும் நேர வரிசையில் வையுங்கள். தொகையும் நேரமும் பொருந்தினால் இரண்டு பக்கமும் டிக். தொகை மட்டும் பொருந்தினால் போதாது. ஒரே தொகைக்கு நாளில் பல பில்கள் இருக்கும், மாலை 6 மணி வரவைக் காலை பில்லோடு சேர்த்துவிட்டால் பிழை கண்ணில் படாமல் போகும். பில்லுக்கும் வரவுக்கும் சில நிமிட இடைவெளி இயல்பு.

நம் உதாரணத்தில் டிக் போட்டு முடித்ததும் ஆப் பக்கம் மூன்று வரிகள் மிஞ்சின: 320, 560, 450. பில் பக்கம் இரண்டு மிஞ்சின: 360, 540.

மேலே போகும் முன் ஒரு சோதனை. மிஞ்சிய ஆப் வரிகளின் கூட்டு 1,330, மிஞ்சிய பில்களின் கூட்டு 900, வித்தியாசம் 430. ஆறாம் படியில் வந்த +430 இதுதான். இரண்டும் ஒத்துவராவிட்டால் காரணம் தேட ஆரம்பிக்க வேண்டாம், எங்கோ வேறு தொகைக்கு டிக் விழுந்திருக்கிறது அல்லது கூட்டல் பிழை.

இனி ஒவ்வொன்றாக. ஆப்பில் 320 வந்தது காலை 11.42-க்கு. 11.40-க்கு அதே 320-க்கு ஒரு ரொக்க பில் இருக்கிறது. ஆப்பில் வாங்கிவிட்டு ரொக்கம் என்று விட்டிருக்கிறார்கள். கல்லாவும் குறைவாக இருப்பதால் இது பொருந்துகிறது.

ஆப்பில் 560, அதே நேரத்தில் பில் 360. வித்தியாசம் 200, சில்லறை இல்லாத முழுத் தொகை. கைக்கு ரொக்கம் வேண்டியவர் கூடுதலாக அனுப்பி 200 வாங்கிப் போயிருக்கலாம், அல்லது தவறி அனுப்பியிருக்கலாம். இதைத் தீர்மானிப்பது கல்லாதான். 320-ஐ விளக்கிய பிறகும் கல்லாவில் 210 குறைகிறது. எனவே 200 வெளியே போயிருக்கும் என்பது வலுவான ஊகம். கல்லாவில் உட்கார்ந்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கல்லா குறையாமல் இருந்திருந்தால் முடிவு தலைகீழ்: அது வாடிக்கையாளர் பணம், திருப்பித் தர வேண்டியது.

ஆப்பில் 450, பில் 540. இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும், 90 வகுபடுகிறது. வாடிக்கையாளர் தொகையைத் தட்டும்போது மாற்றிப் போட்டிருக்கிறார், கடையில் யாரும் திரையில் தொகையைப் படித்துப் பார்க்கவில்லை. இந்த 90 கல்லாவுக்கும் வரவில்லை.

கல்லாவில் கடைசியாக நிற்பது 10 குறைவு. சில்லறையில் போனது. அதற்காக மறுபடி அரை மணி நேரம் உட்கார வேண்டாம்.

## 8. திருத்தத்தை எழுதுங்கள், பணத்தை நகர்த்த வேண்டாம்

ஆப்பில் கூடிய பணத்துக்கு ஈடாக முதலாளி தன் பையிலிருந்து கல்லாவில் பணத்தைப் போட்டு 'சரிசெய்வது' சில கடைகளில் வழக்கம். அன்றைக்குக் கணக்கு அழகாக இருக்கும், ஒரு வாரம் கழித்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துதான் மாற வேண்டும், பணம் அல்ல.

320 பில்லின் பணம் வந்த வழியை ஆப் என்று மாற்றுங்கள். 200-க்கு 'ஆப்பில் வாங்கி ரொக்கம் கொடுத்தது' என்று தாமதமாகவாவது சீட்டு எழுதுங்கள். கல்லாவில் இருக்க வேண்டியது இப்போது 9,390, இருப்பது 9,380. ஆப்பில் இருக்க வேண்டியது 19,255, இருப்பது 19,165.

90-ஐ அந்த பில் எண்ணோடு வர வேண்டியது என்று எழுதுங்கள். 10-ஐ 'கல்லா குறைவு' என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். கூடினாலும் அதே பத்தியில். மாதக் கடைசியில் இந்தப் பத்தியைப் பார்த்தால், கூடுவதும் குறைவதும் கலந்திருக்கிறதா, குறைவு மட்டுமே வருகிறதா என்று தெரியும். கலந்திருந்தால் சில்லறைப் பிழை. குறைவு மட்டுமே வந்து, அதுவும் முழுத் தொகைகளாக இருந்தால், சீட்டில்லாமல் பணம் போகிறது.

பிறகு காலைச் சில்லறை 2,000-ஐ எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கல்லாவிலிருந்து அகற்றுங்கள்.

## 9. மறுநாள் காலை இரண்டு பார்வைகள்

முதலில் பெண்டிங் தாள். நேற்று நின்றவை வெற்றியாக மாறியிருந்தால், நேற்றைய பில்லுக்கு டிக் போடுங்கள், இன்றைய வரவில் சேர்க்க வேண்டாம். பல ஆப்கள் அதை நேற்றைய நேரத்திலேயே காட்டும், நீங்கள் போட்ட கோட்டுக்கு மேலே போய் உட்காரும். அதனால்தான் தனித் தாள் வேண்டும் என்றேன். தோல்வியாக முடிந்திருந்தால் பணம் அனுப்பியவர் கணக்குக்கே திரும்பும். பொருள் போயிருப்பதால் அவரிடம் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் உடனே. நாளாக ஆக 'அன்னைக்கே கட்டிட்டேனே' என்ற பேச்சுதான் வரும்.

அடுத்தது வங்கி. ஆப் நிறுவனம் அனுப்பிய தொகையை நேற்றைய 19,165-ஓடு நேராக ஒப்பிடாதீர்கள். செட்டில்மென்ட் பட்டியலைத் திறந்து, அந்தத் தொகைக்குள் எந்தெந்தப் பரிவர்த்தனைகள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். அவற்றின் கூட்டிலிருந்து ரீஃபண்டும் கட்டணமும் கழித்தால் வங்கியில் விழுந்த தொகை வர வேண்டும். உங்கள் கோடு இரவு 9.30-க்கு இருந்து, ஆப் தன் கணக்கை நள்ளிரவில் வெட்டினால், கோட்டுக்குப் பிறகு வந்த பாக்கிகள் இந்தத் தொகையில் சேர்ந்திருக்கும்.

வெற்றி என்று காட்டும் ஒரு வரி எந்த செட்டில்மென்ட்டிலும் வராமல் இருந்தால், பரிவர்த்தனை எண், தேதி, தொகை மூன்றையும் வைத்து ஆப்பின் உதவிப் பிரிவில் புகார் பதியுங்கள். 'பணம் கொஞ்சம் குறையுது' என்று எழுதினால் பதில் வராது. ஒரு வரிக்கு ஒரு புகார், புகார் எண்ணை அந்த நாளின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.